மண்பாண்டம் வனையும் வீடியோவில் ஸ்லோ மோஷன், டைம் லேப்ஸ், வேக மாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சக்கரத்தில் மண்ணை வைப்பது முதல் பானை காய்வது வரை போனில் படம் பிடிப்பவர்களுக்காக இந்தப் பக்கம். மின்சாரச் சக்கரம், கோலால் சுற்றிவிடும் பழைய சக்கரம் இரண்டுக்கும் பொருந்தும்.

எந்த இடத்தில் ஸ்லோ மோஷன், எந்த இடத்தில் வேகம் என்று எடுப்பதற்கு முன்பே முடிவு செய்யணுமா? எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

வேகமாக்குவதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம். மெதுவாக்குவதை முன்பே முடிவு செய்தே ஆகவேண்டும். பத்து மணி நேரம் காய்வதைக் காட்டுவதற்கும் முன்பே திட்டம் வேண்டும், ஏனென்றால் பத்து மணி நேரத்தையும் வீடியோவாக எடுத்துவைக்க போனில் இடம் இருக்காது.

பொதுவாக வனைபவர் சக்கரத்தில் உட்காரும் முன் ஒரு தாளில் வேலையின் கட்டங்களை எழுதிக்கொள்வது நல்லது: மண் பிசைவது, மையம் பிடிப்பது, குழி திறப்பது, சுவர் எழுப்புவது, விளிம்பைச் சரிசெய்வது, நூலால் அறுத்தெடுப்பது, காயவைப்பது, அடி சீவுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வியைப் போடுங்கள்: இது கண்ணுக்குப் பிடிபடாத அளவு சீக்கிரம் நடக்கிறதா, அல்லது கண் பொறுத்துக்கொள்ளாத அளவு நேரம் பிடிக்கிறதா? நூல் அறுப்பது முதல் வகை. காய்வது இரண்டாம் வகை. இரண்டிலும் சேராதவை, குறிப்பாகக் குழி திறப்பதும் முதல் முறை சுவர் எழுப்புவதும், நடக்கிற வேகத்திலேயே இருக்கட்டும். விரல் எவ்வளவு மெதுவாக மேலே ஏறுகிறது என்பதுதான் அங்கே பார்க்கவேண்டிய விஷயமே. அதை வேகமாக்கினால் பானை ஏதோ தானாக வளர்ந்த மாதிரி தெரியும், கை என்ன செய்தது என்பது காணாமல் போய்விடும்.

சாதாரணமாக எடுத்த வீடியோவைப் பாதி வேகத்துக்கு மெதுவாக்கினால் திக்கித் திக்கி ஓடுகிறது. ஏன்?

வினாடிக்கு 30 ஃபிரேம் எடுத்ததில் 30 படங்கள்தான் இருக்கின்றன. பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு வினாடிக்கு 15 புதுப் படங்கள்தான் கிடைக்கும், மீதியை எடிட்டிங் செயலி அதே படத்தைத் திரும்பக் காட்டி நிரப்பும். அந்தத் திக்கல் அதுதான்.

சில செயலிகளில் `Optical Flow` என்று ஒரு வசதி இருக்கும். இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத படத்தைக் கணக்குப் போட்டு அதுவே உருவாக்கும். கேமராவுக்கு எதிரே ஒரு பானை நிதானமாக நகரும் காட்சியில் அது நன்றாகவே வேலை செய்யும். வனையும் காட்சியில் பெரும்பாலும் காலை வாரிவிடும். ஈரமண் மீது விரல் நகரும்போது விரலும் மண்ணும் ஒரே நிறமாக இருப்பதால் செயலிக்கு எது எதன் பின்னால் போகிறது என்று தெரியாது. விரல் நுனி ஜெல்லி மாதிரி நெளியும், தண்ணீர்த் துளி இரண்டாகப் பிரிந்து சேரும், அறுக்கும் நூல் நடுவில் மறைந்து திரும்ப வரும். அந்த மூன்றில் ஒன்று தெரிந்தால் அந்த வசதியை அணைத்துவிட்டு, அந்தக் காட்சியைச் சாதாரண வேகத்திலேயே விட்டுவிடுங்கள்.

வினாடிக்கு 120 ஃபிரேமில் எடுக்கணுமா, 240-இல் எடுக்கணுமா?

நிஜத்தில் அந்தச் செயல் எத்தனை வினாடி நடக்கிறது என்று பாருங்கள். திரையில் ஒரு ஸ்லோ மோஷன் காட்சி மூன்று முதல் ஆறு வினாடி வரை இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் சலிப்பு தட்டும்.

நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, சக்கரத்தின் மேல்தட்டோடு ஒட்டி பானையின் அடியை அறுப்பது ஏறத்தாழ ஒன்றரை வினாடி வேலை. 120-இல் எடுத்து 30-இல் ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாகும், ஆறு வினாடி. சரியாக இருக்கும். அதையே 240-இல் எடுத்தால் எட்டு மடங்கு, பன்னிரண்டு வினாடி. நூல் நகர்வதே தெரியாது. மாறாக, கையைத் தண்ணீரில் முக்கி மண் மீது சொட்டவிடும்போது துளி விழுந்து தெறிப்பது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்கு 240 வேண்டும்.

துளி தெறிப்பதை எடுக்கும்போது ஒளி வனைபவரின் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ இருந்து வரட்டும், பின்னால் இருண்ட சுவர் இருக்கட்டும். நேர் எதிரே இருந்து விளக்கைப் போட்டால் துளி மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும். பின்னால் இருந்து வரும் ஒளியில்தான் ஒவ்வொரு துளியும் வெள்ளை விளிம்போடு தனித்துத் தெரியும்.

போனில் 960 என்று போட்டிருக்கும் அதிவேக முறைகளை நம்பி இறங்கவேண்டாம். அவற்றில் பல, ஒரு வினாடிக்கும் குறைவான நேரமே பதிவு செய்யும், அல்லது நடுப்படங்களைத் தானே இட்டு நிரப்பும். நூல் எப்போது மண்ணில் நுழையும் என்று பார்த்து அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்துவது தனியாக வேலை செய்பவர்களுக்கு நடக்காத காரியம்.

எடுத்த கோப்பு ஏற்கெனவே மெதுவாக்கப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வினாடி எடுத்த வீடியோ கோப்பில் இருபது வினாடி என்று காட்டினால், போன் அதை 30-க்கு மாற்றியே சேமித்திருக்கிறது. அதை எடிட்டிங்கில் இன்னொரு முறை நான்கில் ஒரு பங்காக்கினால்தான் மேலே சொன்ன திக்கல் வரும். ஐந்து வினாடி என்றே காட்டினால் 120 ஃபிரேமும் உள்ளே இருக்கிறது, நீங்கள்தான் மெதுவாக்கவேண்டும். கணினியில் ffmpeg என்ற கட்டளைவரிக் கருவியில் செய்பவர்களுக்கு:

```
ffmpeg -i wire_120.mp4 -vf "setpts=4*PTS" -r 30 -an wire_slow.mp4
```

ஸ்லோ மோஷனில் எடுத்தால் வெளிச்சம் படபடவென்று துடிக்கிறது. கேமரா பழுதா?

கேமராவில் குறை இல்லை, விளக்கில்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்புகளும் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. சாதாரண வீடியோவில் ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்கு ஒளி உள்ளே வரும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 வினாடி என்று வைத்தால் ஒவ்வொரு படமும் ஒரு முழுத் துடிப்பையோ இரண்டு முழுத் துடிப்பையோ பிடித்துக்கொள்ளும், எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் வரும்.

120-இல் அது முடியாது. ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரமே 1/120 வினாடிதான், ஒரு துடிப்பு முடிய 1/100 வினாடி தேவை. எந்த ஷட்டர் வைத்தாலும் சில படம் துடிப்பின் உச்சத்தையும் சில படம் அடியையும் பிடிக்கும். நான்கு மடங்கு மெதுவாக ஓட்டும்போது அது வினாடிக்கு ஐந்து முறை துடிப்பதாகத் தெரியும். பார்ப்பவர் கண்ணை உறுத்தும் வேகம் அது.

எடிட்டிங்கில் இதைச் சரிசெய்யும் கருவிகள் உண்டு, ஆனால் வனையும் காட்சியில் ஈரமண்ணின் பளபளப்பையும் சேர்த்து மழுக்கிவிடுகின்றன. விளக்கை மாற்றுவதே வழி. ஸ்லோ மோஷன் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில், திண்ணையிலோ வாசலிலோ சக்கரத்தை வைத்து எடுங்கள். நேர் வெயில் வேண்டாம், நிழலில் வரும் வானத்து வெளிச்சமே தாராளம். சக்கரத்தை நகர்த்த முடியாவிட்டால் பேட்டரியில் ஓடும் வீடியோ விளக்கு ஒன்று வாங்கலாம், ஆனால் வாங்கும் முன் கடையிலேயே போனில் 240-இல் ஐந்து வினாடி எடுத்து ஓட்டிப் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைத்துவைத்தும் ஒரு முறை எடுங்கள். சில விளக்குகள் முழு வெளிச்சத்தில் அமைதியாக இருந்து, குறைத்தவுடன் துடிக்கத் தொடங்கும்.

துடிப்பு இல்லாவிட்டாலும் வீட்டு டியூப்லைட் வெளிச்சம் ஸ்லோ மோஷனுக்குப் போதாது. 240-இல் வழக்கமாக வைக்கும் ஷட்டர் 1/480. 1/50-இல் உள்ளே வருவதில் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் வரும். மீதியைப் போன் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி ஈடுகட்டும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும்.

வேகமாக்கினால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுகிறது, சில சமயம் நின்றே விடுகிறது. இதை எப்படித் தவிர்ப்பது?

சுற்றும் எதை வீடியோ எடுத்தாலும் வரக்கூடிய தொல்லை இது. காரணம் புரிந்துவிட்டால் தவிர்ப்பது எளிது.

சக்கரம் நிமிடத்துக்கு 120 சுற்று, அதாவது வினாடிக்கு இரண்டு சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 ஃபிரேமில் எடுத்தால் ஒரு சுற்றுக்கு 15 படம். வீடியோவை 15 மடங்கு வேகமாக்கினால் எடிட்டிங் செயலி பதினைந்தில் ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடும். வைத்துக்கொண்ட ஒவ்வொரு படமும் சரியாக ஒரு முழுச் சுற்று முடிந்த நிலையில் இருக்கும், அதனால் சக்கரம் நின்றுவிட்டது போலவும் கை மட்டும் பேயாட்டம் ஆடுவது போலவும் தெரியும். 14 மடங்காக்கினால் ஒவ்வொரு படத்திலும் முழுச் சுற்றுக்குக் கொஞ்சம் குறையும், எனவே மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றும். 8 மடங்கில் ஏறத்தாழ அரைச் சுற்று. மண்ணில் ஒரு தழும்பு இருந்தால் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாவும்.

ஒரு சுற்றுக்கு எத்தனை படம் என்று எண்ணி, அதில் பாதிக்குக் கீழே உங்கள் வேகத்தை வைத்துக்கொண்டால் சுற்றும் திசை சரியாகத் தெரியும். மேலே சொன்ன சக்கரத்துக்கு அது 7. ஆறு மடங்கு வரை போகலாம், நான்கு இன்னும் நன்றாக இருக்கும். எண்ணுவதற்கு, சக்கரத்தின் ஓரத்தில் வெள்ளை மண்ணால் ஒரு பொட்டு வைத்து, வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, பொட்டு பழைய இடத்துக்கு வர எத்தனை தட்டு என்று பாருங்கள்.

அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் படங்களை எறியாமல் கலக்கவேண்டும். 8 மடங்கு வேகத்துக்கு எட்டெட்டுப் படங்களை ஒன்றாகக் குழைத்து ஒரே படமாக்கினால் சக்கரத்தின் பொட்டும் விரலும் பனி மாதிரி மங்கும், ஆனால் மையம் பிடித்த மண் உருண்டையாக இருப்பதால் அதன் வடிவம் மட்டும் கூர்மையாகவே நிற்கும். வனைதலுக்கு இது மிகப் பொருத்தமான தோற்றம் என்பது எங்கள் கருத்து. எடிட்டிங் செயலியில் `Frame Blend` என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் சில செயலிகளில் அது அக்கம்பக்கத்து இரண்டு படத்தை மட்டுமே கலக்கும். எட்டையும் கலக்க:

```
ffmpeg -i centering.mp4 -vf "tmix=frames=8,setpts=PTS/8" -r 30 -an centering_8x.mp4
```

கோலால் சுற்றிவிடும் சக்கரத்தில் சிக்கல் கொஞ்சம் கூடுதல். கோலை வைத்துத் தள்ளியதும் வேகமாகச் சுற்றி, வனையும்போது சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். ஒரே காட்சியில் சக்கரம் முன்னோக்கிச் சுற்றி, நின்று, பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரிவது அதனால்தான். எந்த ஒரு மடங்கும் முழுக் காட்சிக்கும் பொருந்தாது. அங்கே படங்களைக் கலப்பதுதான் வழி, இல்லாவிட்டால் கேமராவைத் தாழ்த்திச் சக்கரத்தின் விளிம்பு தெரியாதபடி மண்ணையும் கையையும் மட்டும் பிடியுங்கள். நன்றாக மையம் பிடித்த மண் சுற்றுகிறதா நிற்கிறதா என்று அதை மட்டும் பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது.

பானையின் அடியைப் பலகையால் தட்டி மூடும் வேலையை வேகமாக்கலாமா?

வேண்டாம். சக்கரத்தில் கனமாக வனைந்து எடுத்த பானைக்கு, உள்ளே ஒரு கையில் கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி மெலிதாக்கும் வேலை நீளமானதுதான். ஆனால் அதன் உயிர் தாளத்தில் இருக்கிறது. வினாடிக்கு மூன்று தட்டு விழுவதாக வைத்தால் 30 ஃபிரேமில் ஒரு தட்டுக்குப் பத்துப் படம். எட்டு மடங்கு வேகமாக்கினால் சக்கரத்துக்கு வந்த அதே கதி பலகைக்கும் வரும்: எங்கே தட்டுகிறது, எங்கே ஓங்குகிறது என்று புரியாமல் பலகை காற்றில் துடிக்கும்.

அதற்குப் பதில் வெட்டுங்கள். பானை அடி திறந்திருக்கும்போது நடக்கிற வேகத்தில் ஆறு வினாடி, பாதி மூடியபோது ஆறு வினாடி, முழுவதும் மூடியபோது ஆறு வினாடி. கேமரா ஒரே இடத்தில் இருந்து, பானையும் படத்தில் ஒரே இடத்தில் இருந்தால் நேரம் ஓடியதைப் பார்ப்பவர் தாமாகவே புரிந்துகொள்வார். இடையில் 120-இல் எடுத்த இரண்டே தட்டுகளை நெருக்கமாக வையுங்கள். பலகை பட்ட இடத்தில் மண் ஒரு கணம் உள்ளே அமுங்கி, கல் தடுத்ததும் பக்கவாட்டில் விரிவது வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஒரு காட்சி, சுவர் எப்படி மெலிகிறது என்பதை விளக்கமே இல்லாமல் காட்டிவிடும்.

பானை காய்வதை டைம் லேப்ஸ் எடுக்க எத்தனை வினாடிக்கு ஒரு படம் எடுக்கணும்?

வீடியோவில் அது எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்பதில் இருந்து தொடங்குங்கள். பத்து வினாடி ஓடவேண்டும் என்றால் 30 ஃபிரேம் கணக்கில் 300 படம். காய்வதைப் பத்து மணி நேரம் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அது 36,000 வினாடி. 36,000-ஐ 300-ஆல் வகுத்தால் 120. ஆக, இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம். சந்தேகம் இருந்தால் ஒரு நிமிடத்துக்கு ஒன்றாக எடுங்கள். பின்னால் வேகமாக்கிக்கொள்ளலாம், விட்ட படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

இரவு ஏழரை மணிக்குத் தொடங்கி விடியும் முன்பே, ஐந்தரைக்குள் முடிப்பது நல்லது. பகலில் ஜன்னல் வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருக்கும், மேகம் வந்து போகும், படம் முழுக்கத் துடிக்கும். இரவில் ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, மற்ற விளக்குகளை அணைத்து, கதவைச் சாத்திவிட்டால் வெளிச்சம் கடைசி வரை மாறாது. ஷட்டரை 1/50 என்று வைத்தால் விளக்கின் துடிப்பும் பாதிக்காது.

வெளிச்ச அளவு, ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டுவதுதான் இதில் மிக முக்கியமான வேலை. காயும்போது மண் வெளுக்கும், விளிம்பு முதலில், பிறகு அங்கிருந்து கீழே. படத்தில் காட்டவேண்டியதே அந்த வெளுப்புத்தான். தானியங்கியில் விட்டால் மண் வெளுக்க வெளுக்கக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வரும். பானை நிறமே மாறாமல், பின்னால் உள்ள சுவர்தான் இருண்டுகொண்டே போகும். ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் வரும் `AE/AF LOCK` முதல் இரண்டையும் பூட்டும். வெள்ளைச் சமநிலைக்குத் தனிக் கேமரா செயலி தேவைப்படலாம்.

மண் ஈரத்தில் இருந்து முழுவதும் காய்வதற்குள் நீளத்தில் ஏறத்தாழ 5 முதல் 8 சதவீதம் சுருங்கும், மண்ணைப் பொறுத்து மாறும். 15 செ.மீ. உயரப் பானை ஒரு சென்டிமீட்டர் போலக் குட்டையாகும். இது ஒரே இரவில் முழுவதும் நடக்காது. சுருக்கத்தையும் காட்ட ஆசைப்பட்டால் பானையின் விளிம்புக்கு நேரே ஒரு குச்சியை நட்டு வைத்து, மூன்று இரவுகள் அதே இடத்தில், அதே விளக்கில் எடுத்து ஒட்டுங்கள். மின்விசிறியைப் போடாதீர்கள். காற்று படும் பக்கம் முந்திக் காய்ந்து பானை கோணும், அந்தக் கோணல் வேகமாக்கிய படத்தில் பலமடங்காகத் தெரியும்.

படங்களைச் சேர்க்க:

```
ffmpeg -framerate 30 -i dry_%04d.jpg -vf "scale=1920:-2" -pix_fmt yuv420p dry.mp4
```

போனில் இருக்கும் டைம் லேப்ஸ் பொத்தானே போதாதா?

மண் பிசைவது, அடி சீவுவது போன்றவற்றுக்குப் போதும். ஆனால் இடைவெளியை அதுவே தீர்மானிக்கும் போன்களில் கணக்கு உங்கள் கையில் இருக்காது. ஐபோன் எடுத்துக்காட்டு: பத்து நிமிடம் வரை வினாடிக்கு இரண்டு படம், நேரம் நீள நீளப் படங்களைப் பாதிப் பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும். எவ்வளவு நேரம் எடுத்தாலும் பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வினாடிக்குள் வீடியோ முடியும். பத்து வினாடிக் காட்சி வேண்டும் என்பவருக்கு அது பரவாயில்லை, எடிட்டிங்கில் இன்னும் வேகமாக்கலாம். சக்கரம் சுற்றும் காட்சிக்கு மட்டும் அந்தப் பொத்தானைத் தொடவேண்டாம். வினாடிக்கு இரண்டே படம் எடுத்தால் மேலே சொன்ன நின்ற சக்கரமும் பின்னோக்கிய சக்கரமும் எடுக்கும்போதே பதிந்துவிடும், பிறகு கலப்பதற்கும் படம் இருக்காது.

எடுக்கும் முன் போனை ஏர்பிளேன் முறைக்கு மாற்றி, சார்ஜரில் செருகிவிடுங்கள். நடு இரவில் வரும் ஓர் அழைப்பு பதிவை நிறுத்திவிடலாம்.

வேகமாக்கிய காட்சி மட்டும் அதிர்கிறது. ட்ரைபாடில்தான் வைத்திருந்தேன்.

ட்ரைபாடின் ஒரு கால் சக்கரம் இருக்கும் பலகை மீதோ மேஜை மீதோ இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் அதிர்வு மரத்தின் வழியாக ஏறும். சாதாரண வேகத்தில் தெரியாத அசைவு எட்டு மடங்கில் நடுக்கமாகிவிடும். தரையில், சக்கரத்துக்கு ஓரடி தள்ளி, நடுத்தண்டில் ஒரு பை மணலைத் தொங்கவிட்டு நிறுத்துங்கள். கால் வைத்த இடங்களைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் மறுநாள் அதே இடத்துக்குக் கொண்டுவரலாம்.

ஒரே காட்சிக்குள் வேகத்தை மாற்றுவது, அதாவது ஸ்பீடு ராம்ப், எங்கே நன்றாக இருக்கும்?

ஒரு வீடியோவுக்கு ஓர் இடம் போதும், வனைதலில் அது பெரும்பாலும் நூல் அறுக்கும் இடம்தான். முழுக் காட்சியையும் 120-இல் எடுங்கள். வனைபவர் நூலை எடுத்து இழுத்துப் பிடிப்பது சாதாரண வேகத்தில் ஓடட்டும். நூல் மண்ணைத் தொடுவதற்குப் பத்து ஃபிரேம் முன்பே வேகம் இறங்கத் தொடங்கி, தொடும்போது 25 சதவீதத்துக்கு வந்திருக்கவேண்டும். மறுபக்கம் நூல் வெளியே வந்தபின் மீண்டும் ஏறட்டும். இறங்குவதும் ஏறுவதும் நேர்கோடாக இல்லாமல் வளைவாக இருக்கட்டும், `Retime Curve` போன்ற இடங்களில் அந்தப் புள்ளிகளை இழுத்து வளைக்கலாம்.

நூல் பாதி போனபின் வேகத்தைக் குறைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது வீடியோ தடுக்கி நின்றது போலத் தோன்றும். 120-இல் எடுத்ததால் சாதாரண வேகப் பகுதியில் கையசைவு கொஞ்சம் வெடுக்கென்று தெரியும். ஓரிரு வினாடிக்கு அது உறுத்தாது. அதற்காக முழு வீடியோவையும் 120-இல் எடுக்காதீர்கள்.

மெதுவாக்கினாலும் வேகமாக்கினாலும் சத்தம் கெட்டுவிடுகிறதே?

அந்தக் காட்சிகளின் சத்தத்தை எடுத்துவிடுங்கள். அன்றைக்கே, வனைந்து முடித்த பிறகு, ஒரு நிமிடம் சக்கரம் சும்மா சுற்றும் ஒலி, ஈரக்கை மண்ணில் வழுக்கும் ஒலி, மண்ணைப் பலகையில் அடிக்கும் ஒலி, நூல் அறுக்கும் ஒலி ஆகியவற்றைப் போனை ஒரு முழம் தூரத்தில் வைத்துத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். வேகமான காட்சிக்கு அடியில் சக்கரத்தின் ஒலியை நிஜ வேகத்திலேயே ஓடவிடுங்கள். படம் பறந்தாலும் ஒலி நிதானமாக இருந்தால் காது சிரமப்படாது. மானாமதுரையில் செய்வது போன்ற கடம் என்றால் தட்டும் ஒலியே பொருளின் பாதி, அதை எந்தக் காரணத்துக்காகவும் இசையால் மூடவேண்டாம்.

ஒரு முழு வீடியோவை எப்படிப் பிரிப்பது என்று கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

ஒன்றரைக் கிலோ மண்ணில் ஒரு சிறு பூந்தொட்டி, மூன்று நிமிடத்துக்குள் முடியும் வீடியோ.

மண் பிசைவது ஆறு நிமிடம் நடக்கும். அதில் நல்ல இரண்டு நிமிடத்தை எடுத்து 8 மடங்கு வேகமாக்கினால் 15 வினாடி. மையம் பிடிப்பது இரண்டு நிமிடம். முதல் 6 வினாடி நடக்கிற வேகத்தில், மண் தள்ளாடுவது தெரியும்படி. நடுவில் 80 வினாடியை 8 மடங்கில் படங்களைக் கலந்து 10 வினாடியாக்குங்கள். தள்ளாட்டம் நின்று மண் அசையாமல் சுற்றும் கடைசி 6 வினாடி மறுபடி நடக்கிற வேகத்தில். இந்த முன்பின் இரண்டும் இல்லாவிட்டால் மையம் பிடிப்பது என்றால் என்ன என்பதே வீடியோவைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

குழி திறப்பது 40 வினாடி, வெட்டாமல் அப்படியே. சுவர் எழுப்புவது மூன்று முறை நடக்கும். முதலாவது 20 வினாடி அப்படியே, இரண்டாவது 4 மடங்கில் 5 வினாடி, மூன்றாவது 20 வினாடி அப்படியே. விளிம்பு சரிசெய்வது 15 வினாடி. இதுவரை 137 வினாடி. நூல் அறுப்பது ஸ்லோ மோஷனில் 6. காய்வது 8, எடுத்த பத்து வினாடியில் தொடக்கத்தையும் முடிவையும் நறுக்கியபின் மிஞ்சுவது. அடி சீவுவதில் ஒரு நிமிடத்தை 6 மடங்காக்கி 10. சீவும்போது சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மண்சுருள் விழுவது 6 மடங்கிலும் தெளிவாகத் தெரியும். முடிந்த தொட்டி 9 வினாடி. மொத்தம் 170, இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி.

இதில் நூறு வினாடிக்கு மேல் நிஜ வேகத்திலேயே ஓடுவதைக் கவனியுங்கள். வீடியோ இழுப்பதாகத் தோன்றினால் பிசைவதில் கைவையுங்கள், காய்வதைச் சுருக்குங்கள். குழி திறக்கும் 40 வினாடியைத் தொடாதீர்கள்.

குறுவீடியோவுக்கு 30 வினாடிதான் கிடைக்கும். அப்போது?

மேலே உள்ளதை அப்படியே சுருக்காமல் ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை சுவர் எழுப்புவது 20 வினாடி, நூல் அறுப்பது 6, சக்கரத்தில் இருந்து தொட்டியைத் தூக்குவது 4.